க்யூஆர் கோடு போட்ட போஸ்டர்: எது ஸ்கேன் ஆகும் என்று போட்டோவிலேயே கண்டுபிடிக்கலாம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை பக்கம் கால்பந்துப் போட்டி என்றால் சுவர் நிறைய போஸ்டர் இருக்கும். இப்போது அதன் மூலையில் ஒரு க்யூஆர் கோடும் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் அணியின் பெயரைப் பதிவு செய்யும் படிவம் திறக்க வேண்டும். திறக்கிறதா என்று சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: போஸ்டருக்கு ஒரு சாண் அருகில் போய் போனை நீட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வருதே" என்று சொல்வது. அவ்வளவு அருகில் போனால் எந்தக் கோடும் வரும். ஆனால் சுவருக்கு முன்னால் ஓடை இருக்கும், பைக் நிற்கும். படிக்கிறவர் ஒரு மீட்டர் தள்ளித்தான் நிற்பார்.

அதனால் நாமும் ஒரு மீட்டரில் நின்று ஒரே மாதிரி போட்டோ எடுத்து, அந்தப் போட்டோக்களை ஒப்பிடப் போகிறோம். உதாரணத்துக்கு ஒரே போட்டிக்கு அடித்த மூன்று ஏ3 போஸ்டர்களை எடுத்துக்கொள்வோம்.

வெள்ளை போஸ்டர்: வெள்ளையில் கறுப்புக் கோடு, அகலம் 9 செ.மீ.
மஞ்சள் போஸ்டர்: மஞ்சளில் கறுப்புக் கோடு, அகலம் 6 செ.மீ.
பச்சை போஸ்டர்: கரும்பச்சையில் கருஞ்சிவப்புக் கோடு, அகலம் 9 செ.மீ. கிளப் ஜெர்சியின் நிறமாம்.

படி 1: போட்டோ எடுப்பது

மூன்றுக்கும் ஒரே போன். டேப் வைத்து ஒரு மீட்டர் அளந்து நில்லுங்கள். போனை நெட்டையாகப் பிடித்து 1x கேமராவிலேயே எடுங்கள். ஜூம் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். திரையில் கோடு இருக்கும் இடத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துகள் கூர்மையாக விழுந்திருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தும் மங்கலாக இருந்தால் கை ஆடிவிட்டது என்று அர்த்தம். போஸ்டரைக் குறை சொல்லாமல் இன்னொரு தடவை எடுங்கள்.

மார்த்தாண்டத்தில் ஒட்டியதை நண்பர் எடுத்து அனுப்புகிறார் என்றால், வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் ஆப் அதைச் சுருக்கிவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வந்து சேரும், அப்புறம் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

படி 2: போட்டோவைச் சுருக்குவது

புதிதாகச் செய்கிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். 12 மெகாபிக்சல் போட்டோவின் அகலம் 3000 பிக்சல். ஆனால் ஸ்கேன் செய்யும் ஆப் அவ்வளவு பெரிய படத்தைப் பார்ப்பதில்லை. கேமராவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைப் பார்க்கிறது, அது பல போன்களில் இதைவிட எவ்வளவோ சிறியது. எனவே முழு போட்டோவில் கோடு படிந்தால், அதாவது ஆப்பால் அதைப் படிக்க முடிந்தால், தெருவிலும் படியும் என்று நம்ப முடியாது. அகலத்தை 1080 பிக்சலாகச் சுருக்கிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

போனில் படத்தின் அளவை மாற்றும் எந்த ஆப்பும் போதும். மடிக்கணினியில் படத்தைச் சுருக்கும் இமேஜ்மேஜிக் 7, கோட்டைப் படிக்கும் ஸீபார் இரண்டும் போட்டிருந்தால், சுருக்குவதும் படிப்பதும் இரண்டு வரியில் முடிந்துவிடும்:

```
magick vellai.jpg -auto-orient -resize 1080x s.png
zbarimg -q s.png
```

கோடு படிந்தால் அதற்குள் இருக்கும் முகவரி திரையில் வரும். படியாவிட்டால் ஒன்றும் வராது. `-auto-orient` என்பதை விட்டுவிடாதீர்கள். நெட்டையாக எடுத்த படத்தைப் பல போன்கள் படுக்கையாகச் சேமித்துவிட்டு, திருப்பிக் காட்ட ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். அந்த நிலையில் சுருக்கினால் படம் நாம் நினைத்ததைவிடச் சிறிதாகிவிடும்.

படி 3: கட்டத்தின் அளவு

க்யூஆர் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு குட்டிச் சதுரத்தையும் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள் இருக்கின்றன அல்லவா, அவை எப்போதும் சரியாக 7 கட்ட அகலம். கோடு பெரியதோ சிறியதோ, இது மாறாது. அதனால் நமக்கு எண்ணுகிற வேலையே இல்லை. சுருக்கிய படத்தில் ஒரு மூலைச் சதுரம் எத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து 7-ஆல் வகுத்தால், ஒரு கட்டத்துக்கு எத்தனை பிக்சல் என்று தெரிந்துவிடும்.

வெள்ளை போஸ்டரில் மூலைச் சதுரம் 23 பிக்சல் வந்தது. ஏழால் வகுத்தால் 3.3. மஞ்சளில் 11 பிக்சல்தான், வகுத்தால் 1.6. என் கணக்கில் 3-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 2-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால் நல்ல போனில் வரும், பழைய போனில் இழுக்கும். 2-க்குக் கீழே போனால் ஆள் கிட்டே வந்தே தீர வேண்டும். வெள்ளை உடனே படிந்தது. மஞ்சள் முழு போட்டோவில் படிந்தது, சுருக்கியதில் படியவில்லை.

அளக்க நேரமில்லை என்றால் கண்ணாலேயே ஒரு சோதனை செய்யலாம். மூலைச் சதுரத்தில் கறுப்புச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கறுப்புக்கும் இடையே ஒரு வெள்ளை வளையம் இருக்கும். அதன் தடிமன் சரியாக ஒரு கட்டம். சுருக்கிய படத்தைப் பெரிதாக்கும்போது அந்த வளையம் நாலு பக்கமும் விட்டுப்போகாமல் வெள்ளையாகத் தெரிந்தால் நல்லது. சாம்பல் பூசினாற்போலவோ அங்கங்கே அறுந்தோ தெரிந்தால் அளவு போதவில்லை.

மஞ்சளில் ஏன் இவ்வளவு குறைந்தது? 9 செ.மீ. எங்கே, 6 செ.மீ. எங்கே என்பது பாதிக் காரணம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சளில் கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும். அதில் கூகுள் படிவத்தின் நீளமான முகவரியை அப்படியே போட்டிருந்தார்கள்; கிட்டத்தட்ட நூறு எழுத்து. அதை அடக்க ஒரு பக்கத்துக்கு 41 கட்டம் தேவைப்பட்டது. வெள்ளையில் அதே படிவத்தின் `forms.gle` என்று தொடங்கும் குறுமுகவரி. அதற்கு 29 கட்டமே போதும். ஆக, அச்சகத்தில் "கோடு எத்தனை சென்டிமீட்டர்" என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே எத்தனை எழுத்து போகிறது என்று பார்க்க வேண்டும். மஞ்சளில் குறுமுகவரி போட்டாலே, அதே 6 செ.மீ.க்கு, கட்டம் 2.2 பிக்சலாக ஏறும். அகலத்தையும் 8 செ.மீ. ஆக்கினால் 3-ஐத் தொடும்.

தூரத்தைப் பத்தால் வகுத்தால் கோட்டின் அகலம் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. ஒரு மீட்டருக்கு 10 செ.மீ. கட்டங்கள் அதிகம் இல்லாத கோட்டுக்கு அது பொருந்தும். மஞ்சள் மாதிரி நெருக்கமான கோட்டுக்குப் பொருந்தாது.

படி 4: நிற வேறுபாடு

பச்சை போஸ்டரின் கோடும் 9 செ.மீ., உள்ளே அதே குறுமுகவரி. கட்டமும் 3.3 பிக்சல். ஆனாலும் படியவில்லை. முழு போட்டோவிலும் இல்லை.

போட்டோவைத் திருத்தும் பக்கத்தில் நிறச்செறிவை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். கறுப்பு வெள்ளை ஃபில்டர் வேண்டாம், அவற்றில் சில வேறுபாட்டைத் தானாகவே கூட்டிக் காட்டும். நிறம் போனதும் பச்சை போஸ்டரில் கோடு இருந்த இடம் ஒரே சாம்பல் திட்டாக மாறிவிட்டது. கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் நம் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள். ஸ்கேனர் பார்ப்பது வெளிச்சத்தின் அளவை. அதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்று எடுத்தால் இங்கே சிவப்பு 54-ஐ ஒட்டியும் பச்சை 65-ஐ ஒட்டியும் இருந்தன.

மஞ்சளைப் பாருங்கள், கறுப்பு போட்டால் அது கிட்டத்தட்ட வெள்ளை மாதிரியே நடந்துகொள்கிறது. வெள்ளையில் கருநீலமும் அப்படித்தான். எனவே நிறமே கூடாது என்பதில்லை. பின்னணி வெளிறி, கட்டங்கள் இருண்டு இருந்தால் போதும். இதைத் திருப்பிப் போட்டு, இருண்ட பின்னணியில் வெள்ளைக் கட்டம் வைத்தால் சில ஆப்கள் படிக்கும், சில படிக்காது. சுவரில் ஒட்டுவதற்கு அந்த ரிஸ்க் வேண்டாம். பச்சை போஸ்டரை மாற்ற மனமில்லை என்றால் கோட்டுக்கு மட்டும் அடியில் ஒரு வெள்ளைப் பின்னணி வையுங்கள். அது கோட்டைச் சுற்றி நாலு பக்கமும் நாலு கட்ட அகலத்துக்கு வெளியே நீள வேண்டும். அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் கோடு எங்கே தொடங்குகிறது என்பதை ஆப் பிரித்தறிகிறது.

படி 5: ஒட்டிய இடம்

சரி, வெள்ளைதான் ஜெயித்தது. அதையே மூன்று இடங்களில் ஒட்டி மறுபடி போட்டோ எடுத்தால் கதை மாறும்.

கடல் பார்த்த கடையின் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியது, காலையில் படிந்தது. மாலை வெயில் கண்ணாடியில் அடித்தபோது கோட்டின் மேலேயே ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. மேற்கு பார்த்த கண்ணாடி என்றால் மாலை நாலு, ஐந்து மணிக்கு எடுத்த போட்டோவை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். பளபள லேமினேஷன் போட்ட போஸ்டருக்கும் இதே தொல்லை உண்டு. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒட்டினால் பாதி சரியாகும்.

காம்பவுண்டு சுவரில் ஒட்டியதில் கோடு முழங்கால் உயரத்துக்குப் போய்விட்டது. நின்றபடி, கோட்டிலிருந்து போன் ஒரு மீட்டரில் இருக்கும்படி எடுத்த போட்டோவில் மூலைச் சதுரம் 23 பிக்சல் அகலம், ஆனால் உயரம் 16 தான். மேலிருந்து சாய்ந்து பார்ப்பதால் கட்டங்கள் நசுங்கிவிட்டன. அகலம், உயரம் இரண்டில் எது குறைவோ அதை 7-ஆல் வகுங்கள்: 2.3. நெஞ்சு உயரத்தில் 3.3 கொடுத்த அதே தாள் இது. போதாததற்கு அடுத்தவர் போஸ்டரின் ஓரம் கீழ்மூலைச் சதுரத்தின் மேல் ஏறியிருந்தது. க்யூஆர் கோட்டில் பிழையைச் சரிசெய்யும் ஏற்பாடு உண்டு, உயர்ந்த நிலையில் சுமார் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் மீட்கும். ஆனால் அது உள்ளே இருக்கும் தகவலுக்கு. மூலைச் சதுரம் மறைந்தால், அங்கே ஒரு கோடு இருப்பதையே ஆப் பெரும்பாலும் கவனிக்காது. நம்மூர்ச் சுவரில் போஸ்டர்மேல் போஸ்டர் விழுவதைத் தடுக்க முடியாது; கோட்டை மூலையில் வைக்காமல் தாளின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர முடியும்.

மூன்றாவது, கடையின் ஷட்டர். ஷட்டரின் வரிவரியான மேடு பள்ளத்தில் தாள் ஒட்டிக்கொண்டு, கட்டங்கள் அலை அலையாக வளைந்திருந்தன. மைதா பசை ஈரம் காயாத இடங்களில் சுருக்கம் வேறு. ஜூன் முதல் தென்மேற்கு மழை, அக்டோபரில் இருந்து வடகிழக்கு மழை என்று வருகிற மாவட்டத்தில் இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சுருக்கிய போட்டோவில் ஷட்டர் போஸ்டர் படியவில்லை. படிந்திருந்தாலும் பயன் குறைவுதான்: காலையில் கடை திறந்ததும் போஸ்டர் ஷட்டரோடு மேலே சுருண்டு போய்விடும்.