வண்ணாரப்பேட்டையிலும் லண்டனிலும் ஒரே படம், ஒரே நேரத்தில்: வீடியோ காலில் சேர்ந்து பார்ப்பது எப்படி?

ஓடிடி படத்தை ஸ்கிரீன் ஷேரில் காட்டினால், எதிர்முனையில் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் தெரியும். நகலெடுக்க முடியாதபடி படத்துக்குப் போட்டிருக்கும் பூட்டின் வேலை அது. அதனால் இருவரும் அவரவர் கணக்கில் படத்தைத் தனித்தனியே ஓட்டிக்கொண்டு, காலில் பேசிக்கொள்வதுதான் சரிப்பட்டு வரும்.

1. நேரம். கோடையில் இங்கே இரவு 8.30 என்றால் லண்டனில் மாலை 4 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அங்கே 3 மணி.

2. சத்தம். படம், கால் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்து, வயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கரில் வைத்தால் படத்தின் வசனம் மைக் வழியே போய், நண்பருக்கு இரட்டையாகக் கேட்கும். ப்ளூடூத் ஹெட்போனில் மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் படத்தின் இசை பழைய டெலிபோன் சத்தம் போல ஆகிவிடும். விண்டோஸில் கால் வந்ததும் படத்தின் ஒலி தானாகக் குறைந்தால், Sound அமைப்பில் Communications பகுதிக்குப் போய் Do nothing என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. தொடக்கம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 00:00-இல் சேர்ந்து ஆரம்பித்தால் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். சென்சார் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கை எல்லாம் இந்தியப் பிரதியில் இருக்கும். வெளிநாட்டுப் பிரதியில் இல்லாமல் போகலாம். படத்தின் பெயர் திரையில் வரும் இடத்தில் இருவரும் நிறுத்தி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே 4:12, அங்கே 3:40 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 32 விநாடி. இனி ஒருவர் மட்டும் எண்ணட்டும்: "மச்சி, ஒண்ணு... ரெண்டு... மூணு... போடு!" குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் அரை நொடிக்குள் இருந்தால் படம் பார்க்கும்போது தெரியாது.

4. இடைவேளை. தமிழ்ப் படத்தில் 'இடைவேளை' என்ற எழுத்தே நல்ல அடையாளம். முதலில் அந்த இடத்துக்கு வந்தவர் நிறுத்திவிட்டுக் காத்திருக்கட்டும். இங்கே 1:14:50 என்றால் அங்கே 1:14:18 இருக்க வேண்டும். 1:10:05 என்று காட்டினால், அந்தப் பிரதியில் சுமார் நாலே கால் நிமிடம் வெட்டுப்பட்டிருக்கிறது. அநேகமாக ஒரு பாட்டு போயிருக்கும். அங்கிருந்து மறுபடி எண்ணித் தொடங்கினால் போதும்.

ஜோக் உங்களுக்கு வருமுன்பே நண்பர் சிரிக்கிறார், அந்த இடைவெளி போகப்போகக் கூடிக்கொண்டே வருகிறது என்றால் கோளாறு வேகத்தில். முதலில் இரு பக்கமும் 1x இருக்கிறதா பாருங்கள். அவர் பார்ப்பது ஐரோப்பிய டிவிடி என்றால் அது நொடிக்கு 25 ஃபிரேம் ஓடலாம், உங்களுடையது 24. இங்கே 10 நிமிடம் ஓடும் பகுதி அங்கே 9 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். இதை எத்தனை முறை எண்ணித் தொடங்கினாலும் சரிசெய்ய முடியாது. இருவரும் ஒரே ஓடிடி தளத்துக்கு மாறிவிடுங்கள். விளம்பரம் வராத சந்தாவாக இருக்கட்டும், ஏனென்றால் விளம்பரங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் வருவதில்லை.