"லிமிட்டுக்குள்ளதானே சார் இருக்கு?": க்ளெயிம் வரிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் இன்சூரன்ஸ் க்ளெயிம் ஃபைல்களைப் பல வருஷம் பார்த்துவிட்டு, இப்போது எந்த ஃபைல் யார் மேஜைக்குப் போக வேண்டும் என்ற விதிகளை சாஃப்ட்வேர்காரர்களுக்கு எழுதித் தரும் வேலையில் இருக்கிறேன். விதி கேட்க ரொம்பச் சுலபம். க்ளெயிமை முதலில் பார்க்கும் ஹேண்ட்லருக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம், மேனேஜருக்கு 3 லட்சம், ரீஜனல் ஆபீசுக்கு 10 லட்சம். அதைத் தாண்டினால் தலைமை அலுவலகம். தொகைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஏணி மாறாது. தப்பு நடப்பது ஏணியில் இல்லை. எந்தத் தொகையை அந்த ஏணியோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்குப் பிறகு வந்த ஃபைல்களில் ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கத் தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வேளச்சேரியில் ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், சீட் வரை தண்ணீர். ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருந்த மதிப்பு, 4,80,000 ரூபாய். வண்டிக்காரர் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன், எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இரண்டும் எடுத்திருந்தார். அதனால் கணக்கு நேரடி.

சர்வேயர் முதலில் வெளியே தெரிந்ததை மட்டும் மதிப்பிட்டார். சீட், கார்ப்பெட், வயரிங், சென்சார்கள்: 82,000. ஹேண்ட்லர் ஒர்க் அப்ரூவல் கொடுத்தார், லிமிட்டுக்குள். பத்து நாள் கழித்து, கியர்பாக்ஸைத் திறந்த ஒர்க்‌ஷாப் சப்ளிமென்டரி, அதாவது கூடுதல் எஸ்டிமேட் அனுப்பியது: 57,000. அதே ஹேண்ட்லர், அதே அப்ரூவல். அப்புறம்தான் எஞ்சினைத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தது: 2,25,000. இது 1 லட்சத்தைத் தாண்டியதால் சிஸ்டம் மேனேஜருக்கு அனுப்பியது. அவர் லிமிட் 3 லட்சம், ஆக அவர் திரையிலும் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.

நல்லவேளை, அவர் பழைய ஆள். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தார். 3,64,000. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம் என்று கணக்கிட வேண்டும் என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனை. 4,80,000-ல் 75 சதவீதம் 3,60,000. ஆக இது ரிப்பேர் க்ளெயிமே இல்லை. வண்டிக்காரர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக, வண்டியின் எஞ்சிய மதிப்பைச் சரிக்கட்டி, ஐடிவியைக் கொடுத்து முடிக்க வேண்டிய டோட்டல் லாஸ். அது மேனேஜர் லிமிட்டுக்கும் மேலே, ரீஜனல் ஆபீசுக்குப் போக வேண்டிய ஃபைல். ஆனால் அதற்குள் 1,39,000 ரூபாய்க்கு வேலை முடிந்து, புது சீட் மாட்டிய வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஹேண்ட்லரைக் கேட்டபோது, "லிமிட்டுக்குள்ளதானே சார் இருந்துச்சு?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சிஸ்டத்தில் இருந்த விதியே இதுதான்:

```
if new_amount <= handler.limit: approve
```

இருந்திருக்க வேண்டியது இது:

```
if approved_so_far + new_amount <= handler.limit: approve
```

முதல் விதிப்படி 57,000 தனிக் காசு. இரண்டாவது விதிப்படி 1,39,000, அன்றைக்கே மேனேஜரிடம் போயிருக்கும். கியர்பாக்ஸ் வரை தண்ணீர் போன வண்டியில் எஞ்சினைத் திறந்து பார்க்காமல் ஒரு ரூபாய்க்கும் வேலை தொடங்காதே என்று அவர் ஒரு வரி எழுதியிருப்பார். இந்தக் கூட்டல் நடக்க, சப்ளிமென்டரிக்குத் தனி க்ளெயிம் நம்பர் கொடுக்காமல் இருக்க வேண்டும். சில இடங்களில் புது நம்பர் விழுகிறது. அப்புறம் எதை எதோடு கூட்டுவது?

இதே இடத்தில் இன்னொரு ஓட்டை உண்டு, யாரும் யோசிக்காதது. க்ளெயிமை நிராகரித்தால் கொடுக்கும் தொகை பூஜ்யம். பூஜ்யம் எல்லோருடைய லிமிட்டுக்குள்ளும் வரும்! 6 லட்சம் கேட்ட ஒருவருக்கு, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம் ஆன பையன் "இல்லை" என்று கடிதம் அனுப்ப சிஸ்டம் வழிவிடும். நிராகரிப்புக்கு ஒப்பிட வேண்டியது கேட்ட தொகையை. கொடுக்கும் தொகையை அல்ல.

அடுத்தது, ஃபைல் மேலே போகும் விதம். 8 லட்சம் க்ளெயிமை ஹேண்ட்லர் மேனேஜருக்கு அனுப்ப, மேனேஜர் "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதி ரீஜனலுக்கு அனுப்ப, ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு நாள் போகும். சர்வே ரிப்போர்ட் வந்த 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கை. அந்தக் கடிகாரம் ஃபைல் மாடி ஏறும்போது நிற்பதில்லை. முடிவெடுக்க முடியாத நடு மேஜைகளை விட்டுவிட்டு, தொகைக்கு உரியவரிடம் நேராக அனுப்புவதுதான் சரி. நடுவில் இருப்பவருக்குத் தகவல் போனால் போதும்.

மேலே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும்போதும் கவனம் வேண்டும். பதிலோடு திரும்பி வரும் ஃபைல் அவர் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, புதிதாய் வந்தது போல. மழைக்காலத்தில் அவருக்கு முன்னால் இருநூறு ஃபைல். அதனால் வரிசையை அடுக்க, இந்த மேஜைக்கு வந்த தேதியைப் பார்க்காமல் சர்வே ரிப்போர்ட் வந்த தேதியைப் பார்க்கச் சொல்கிறேன்.

மேனேஜர் லீவில் போனால்? நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் பொங்கல் வாரத்துக்கு அவருடைய 3 லட்சம் அதிகாரத்தை சீனியர் ஹேண்ட்லருக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். அந்த நான்கு நாளும் அவரே மதிப்பிட்டு, அவரே மேலே அனுப்பி, மேலே உட்கார்ந்து அவரே ஒப்புதலும் கொடுத்தார். ஒரு ரூபாய் தப்பு நடக்கவில்லைதான், ஆனால் ஆடிட்டர் அத்தனை ஃபைலையும் திரும்பத் திறக்க வைத்தார். லீவு அதிகாரம் பக்கத்துக் கிளை மேனேஜருக்கோ மேலே உள்ளவருக்கோ போகட்டும். தான் தொட்ட ஃபைலை ஒருவர் தானே ஒப்புதல் செய்ய முடியாதபடி சிஸ்டமும் தடுக்கட்டும்.

இதெல்லாம் உங்கள் வரிசையில் நடக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒரு வருஷத்து ஒப்புதல்களை எடுத்து, எந்த மேஜையில் ஒப்புதல் ஆனாலும் சரி, ஒவ்வொரு லிமிட்டிலும் 90 சதவீதம் முதல் 100 சதவீதத்துக்குள் எத்தனை விழுந்திருக்கிறது, அதைத் தாண்டி அடுத்த 10 சதவீதத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். விபத்துக்கு நம் லிமிட் தெரியாது. ஒருமுறை நான் எண்ணியபோது 90,000-க்கும் 1 லட்சத்துக்கும் நடுவே 41 இருந்தன, 1 லட்சத்துக்கும் 1,10,000-க்கும் நடுவே 6. அந்த 41-ஐத் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல், இரண்டு வாரம் கழித்து ஒரு சப்ளிமென்டரி.