ஒன்பது பேர், இரண்டு லொக்கேஷன், ஒரு கால்ஷீட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் ‘கால்ஷீட்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது நடிகர் கொடுக்கும் தேதிகள்தான். இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல. நாளைக்கு யார், எத்தனை மணிக்கு, எந்த வாசலுக்கு, எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று முந்தைய நாள் மாலை எல்லோருக்கும் போகும் ஒரு பக்கத் தாளைப் பற்றி. சம்பளம் வாங்காமல், ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு வருகிறவர்களை வைத்து எடுக்கும் குறும்படத்தில் இந்தத் தாளில் ஒரு வரி தப்பினால் அதைச் சரிசெய்ய அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர் இருக்க மாட்டார்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஜனவரி மூன்றாவது ஞாயிறு. டீமில் ஒன்பது பேர், நடிப்பவர்கள் மூன்று பேர். காலையில் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டுக்குள் இரண்டு காட்சிகள், மாலையில் திருவான்மியூரில் ஒரு மொட்டை மாடியில் அந்தி வெளிச்சத்தில் ஒரு காட்சி.

முதல் தவறு, எல்லோருக்கும் ஒரே நேரம் போடுவது. ‘ஷூட் காலை 7 மணி’ என்று எழுதினால் அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். கேமராக்காரர் 7 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவார். பதினோரு மணிக்குத்தான் வேலை இருக்கும் நடிகை ஆறே முக்காலுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அடுத்த ஞாயிறு கூப்பிட்டால் அவர் வரத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

முதல் ஷாட் நேரத்தை நிர்ணயித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 9 மணிக்கு முதல் ஷாட் என்றால், விளக்குகள் 8:45க்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு அறைக்கு மூன்று விளக்கு வைத்து, ஜன்னலுக்குத் துணி கட்டி முடிக்க இரண்டு பேருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதற்கு முன் சாமான் இறக்க, சிற்றுண்டி சாப்பிட அரை மணி. ஆக, கேமராவுக்கும் லைட்டுக்கும் 7:00. வீட்டைத் திறந்து வாங்க வேண்டிய உதவி இயக்குநர் 6:45. முதல் காட்சி நடிகருக்கு மேக்கப், உடை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்றால் அவருக்கு 7:40, மேக்கப் போடுகிறவருக்கு 7:30. சவுண்ட் 8:00. இரண்டாவது காட்சி 11:30க்கு என்றால் அதில் மட்டும் வரும் நடிகைக்கு 10:30. மாடிக் காட்சியில் மட்டும் இருப்பவர் மயிலாப்பூருக்கே வர வேண்டாம். அவருக்கு நேராகத் திருவான்மியூரில் 3:15.

இந்த நேரங்களைத் தாளின் நடுவில் ஒளித்து வைக்காமல் பெயருக்கு எதிரே பெரிதாகப் போடுங்கள்:

```
கேமரா + உதவி   7:00   மயிலாப்பூர்
லைட்           7:00   மயிலாப்பூர்
நடிகர் 1        7:40   மயிலாப்பூர்
சவுண்ட்        8:00   மயிலாப்பூர்
நடிகை          10:30  மயிலாப்பூர்
நடிகர் 2        3:15   திருவான்மியூர் (நேராக)
```

ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை நான்கு மணி நேரம் இருக்கிறதே என்று பதினான்கு ஷாட் எழுதிவைப்பது இதோடு ஒட்டிவரும் தவறு. சின்ன டீமில் கோணம் மாற்றி, லைட் நகர்த்தி, ஒத்திகை பார்த்து, மூன்று டேக் எடுக்க ஒரு ஷாட்டுக்கு இருபத்தைந்து, முப்பது நிமிடம் போய்விடும். நான்கு மணி நேரத்துக்கு எட்டு, மிஞ்சிப்போனால் ஒன்பது ஷாட். மீதி ஐந்தை முந்தைய நாளே இயக்குநர் கையால் வெட்ட வேண்டும். குறைந்தது எவை இல்லாவிட்டால் காட்சி நிற்காதோ அவற்றுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு முதலில் வைக்க வேண்டும். நாற்பது நிமிடம் தாமதமானால் எதை விடுவது என்று நடுக்கூடத்தில் நின்று விவாதிக்கத் தேவையிருக்காது.

இடம் மாறும் நேரத்தில்தான் பெரும்பாலான கால்ஷீட்டுகள் உடைகின்றன. மேப்பில் பார்த்தால் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்கு அரை மணி நேரம்தான். உடனே ‘2:30 ஷிஃப்ட், 3:15 ஷூட்’ என்று எழுதிவிடுகிறோம். மேப் சொல்வது கார் ஓடும் நேரத்தை மட்டும். கேபிள் சுற்றி, சூடான விளக்கு ஆறக் காத்திருந்து, வீட்டை இருந்தபடி திருப்பி வைக்க 45 நிமிடம். வண்டியில் ஏற்ற 15. ஓட்டம் 35. வண்டி நிறுத்த இடம் தேடி, லிஃப்ட் இல்லாத மூன்று மாடி சாமான் தூக்க 25. அங்கே மீண்டும் அடுக்கி நிறுத்த 30. மொத்தம் இரண்டரை மணி நேரம்.

அந்தி வெளிச்சமோ நமக்காகக் காத்திருக்காது. சென்னையில் ஜனவரி நடுவில் சூரியன் மறைவது 6 மணியை ஒட்டி. நவம்பர் நடுவில் 5:40க்கே மறைந்துவிடும், ஜூலை தொடக்கத்தில் 6:40 வரை இருக்கும். போன படத்தின் தாளை அப்படியே நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறவர்கள் இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தேதிக்கு உரிய மறைவு நேரத்தைத் தாளின் தலையிலேயே எழுதுங்கள்.

நம் உதாரணத்தில் மாடியில் 4:15க்குக் கேமரா ஓட வேண்டும். பின்னோக்கிப் போனால் 1:40க்குப் பேக்கப் தொடங்கியாக வேண்டும். 7 மணிக்கு வந்தவருக்கு 1 மணிக்குள் சாப்பாடு கொடுத்தாக வேண்டும்; ஆறு மணி நேரத்துக்கு மேல் பசியோடு நிற்கவைக்கக் கூடாது. எனவே வீட்டில் கடைசி ஷாட் 1:00, சாப்பாடு 1:00 முதல் 1:40, கிளம்புவது 2:40, சேர்வது 3:15, தயார் 4:10. ‘2:30 ஷிஃப்ட்’ என்று எழுதியிருந்தால் கிளம்பவே மூன்றரை ஆகி, முதல் ஷாட் ஐந்து மணிக்குப் போயிருக்கும். பாதி வெளிச்சம் போயிருக்கும்.

முகவரி விஷயத்தில் மேப்பில் அனுப்பும் லொக்கேஷன் பின்னை மட்டும் நம்பக் கூடாது. பழைய தெருக்களில் பின் பல நேரம் வீட்டின் பின்பக்கத் தெருவில் விழும், வண்டி அந்தச் சந்துக்குள் நுழைந்தால் திரும்ப முடியாது. முந்தைய வாரம் வாசலிலேயே நின்று பின்னை எடுங்கள். அதோடு ஒரு அடையாளம், வீட்டின் புது எண், பழைய எண் இரண்டும், வண்டி எங்கே நிற்கலாம், கழிப்பறை எது, உடை மாற்ற எந்த அறை, வீட்டுக்காரர் போகக் கூடாது என்று சொன்ன அறை எது என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். கோயில் பக்கத்துத் தெரு என்றால் பூஜை மணி அடிக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, வசனமில்லாத ஷாட்டுகளை அந்த நேரத்துக்குத் தள்ளலாம். வேலை நாளில் ஷூட் என்றால் அந்தப் பகுதிக்கு மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேலைதான். காலை 9க்குப் போனால் மதியம் 2 வரை கரண்ட் வராமல் போகலாம்.

தொடர்பு எண்களில் நடக்கும் தவறு, எல்லோருடைய எண்ணையும் போட்டுவிடுவது. வழி தெரியாதவர் இயக்குநரை அழைப்பார், அவர் ஒத்திகையில் இருப்பார். தாளில் இரண்டு எண் போதும்: வழி, தாமதம், சாப்பாட்டுக்கு உதவி இயக்குநர், அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர். நடிப்பவர்களின் எண்ணை, குறிப்பாகப் பெண்களின் எண்ணை, அவர்கள் சம்மதம் இல்லாமல் பல கைக்குப் போகும் பிடிஎஃப்பில் போடாதீர்கள். வீட்டுக்காரரின் எண் உதவி இயக்குநரிடம் மட்டும் இருந்தால் போதும். அதற்குக் கீழே 108, பக்கத்தில் இருபத்து நாலு மணி நேரமும் அவசரப் பிரிவு இருக்கும் மருத்துவமனையின் பெயர், முகவரி. இரண்டு லொக்கேஷனுக்கும் தனித்தனியாக.

சாமான் பட்டியலில் ‘கேமரா கிட் – 1’ என்று எழுதியிருந்தால் அது பட்டியலே அல்ல. நண்பர்கள் நாலு பேரிடம் கடன் வாங்கிச் சேர்த்த சாமான் என்பதால் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை, யாருடையது, யார் கொண்டுவருகிறார், யார் திருப்பித் தருகிறார் என்று நான்கு கட்டம் வேண்டும். வீட்டிலேயே தங்கிவிடும் பொருள் எப்போதும் சின்னதுதான். அதில் முதலிடம் ட்ரைபாடின் பிளேட்டுக்கு. உள்ளங்கையில் பாதி இருக்கும் தகடு, போன ஷூட்டில் கேமராவின் அடியில் திருகியபடியே யாருடைய பையிலோ போயிருக்கும். ட்ரைபாட் வந்திருக்கும், கேமரா வந்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்று நிற்காது. அதைத் தனி வரியாக எழுதுங்கள். ரெக்கார்டருக்கு மாற்று பேட்டரி, கார்டு ரீடர், ஜன்னலுக்கான துணியும் கிளிப்பும், வெளிச்சம் திருப்பத் தெர்மாகோல் எல்லாம் அப்படியே.

கரண்டும் பட்டியலில் சேர வேண்டும். பழைய வீடுகளின் கூடத்தில் பெரும்பாலும் சின்ன சாக்கெட்தான் இருக்கும். விளக்கின் பெரிய பிளக் அதில் போகாது. பெரிய சாக்கெட் இருப்பது ஏசி, கீசர் பக்கம். அங்கிருந்து கூடத்துக்கு எத்தனை அடி என்று அளந்து, அதற்கேற்ற நீளத்தில் கனமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எழுதுங்கள்.

கார்டு கணக்கும் முந்தைய நாள் வேலைதான். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 ஜிபி ஆகும். நாள் முழுக்க இரண்டரை மணி நேரம் பதிவானால் 112 ஜிபியைத் தாண்டும். எனவே 128 ஜிபி கார்டு ஒன்றில் முழு நாளையும் அடைக்காமல் இரண்டு கார்டு வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் முதல் கார்டை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது யார் என்று பெயர் போடுங்கள். இரண்டு இடத்தில் நகல் இருக்கும்வரை அந்தக் கார்டை யாரும் ஃபார்மேட் செய்யக் கூடாது என்று அதே வரியில் எழுதுங்கள்.

சவுண்டுக்காக ஃபிரிட்ஜை அணைப்பது வழக்கம், திரும்பப் போட மறப்பதும் வழக்கம். வீட்டுக்காரரின் பாலும் மாவும் கெட்டால் அந்த வீடு இனி நமக்கில்லை. அணைத்தவுடன் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது. இதையும் பேக்கப் வரியில் ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம்.

கடைசியாக அனுப்பும் முறை. இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பாதிப் பேர் காலையில்தான் பார்ப்பார்கள். முந்தைய நாள் மாலை 6 மணிக்குள், ஒரே பக்கமாக, போனில் பெரிதாக்காமல் படிக்கும் எழுத்தில் போக வேண்டும். பிறகு ஏதாவது மாறினால் திருத்தத்தைச் செய்தியாக மட்டும் சொல்லாமல் தாளையே மாற்றி, தலையில் ‘திருத்தம் 2, இரவு 8:10’ என்று போட்டு, பழையதைக் குரூப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டு தாள் இருந்தால் யாராவது ஒருவர் பழையதைத்தான் திறப்பார். கட்டைவிரல் குறியைப் பதிலாக ஏற்காதீர்கள். திறக்காமலே அதைப் போடலாம். ‘உங்கள் நேரத்தையும் இடத்தையும் டைப் செய்து அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். நடிகர் 2 ‘3:15 மயிலாப்பூர்’ என்று அனுப்பினால் அந்தத் தவறு சனிக்கிழமை இரவே தெரிந்துவிடும். ஒன்பது மணிக்குள் பதில் அனுப்பாதவரை உதவி இயக்குநர் போனில் கூப்பிட்டு, அவர் வாயாலேயே நேரத்தைச் சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டும்.