சிகரெட்டை விட்டபின் வாசனையும் ருசியும் திரும்புவதை வீட்டிலேயே அளப்பது எப்படி?

சிகரெட்டை விட்ட நாலைந்து நாளில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். நேற்றுவரை சரியாக இருந்த சாம்பார் உப்புக் கரிக்கும், காபி தித்திக்கும். வீட்டில் யாரும் அளவை மாற்றியிருக்க மாட்டார்கள். மாறியது மூக்கு. அது எப்படி என்று ஒரு ஆரஞ்சு மிட்டாய் சொல்லிவிடும்.

முதலில் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டும்தான் தெரியும். பத்து விநாடி கழித்து விரலை எடுங்கள். 'ஆரஞ்சு' சட்டென்று வந்து நிற்கும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, காளானில் தெரியும் உமாமி ஆகிய ஐந்துதான். மற்றதெல்லாம் வாய்க்குள்ளிருந்து தொண்டை வழியாக மூக்கின் பின்புறம் ஏறும் வாசனை. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். புகை அந்த இடத்தை அழற்சியிலேயே வைத்திருந்தது. நாக்கின் மொட்டுகளையும் மழுங்கடித்திருந்தது. அதை ஈடுகட்ட, தெரியாமலே உப்பும் சர்க்கரையும் கூட்டிப் பழகியிருப்பீர்கள். இப்போது உணர்வு திரும்புகிறது, அளவு பழையபடியே இருக்கிறது. அதனால்தான் தூக்கலாகத் தெரிகிறது.

அடுத்து, அளக்கலாம். சிறிய மூடி போட்ட பாட்டிலில் இரண்டு ஸ்பூன் காபித்தூள் போடுங்கள். 80-க்கு 20 சிக்கரி கலவை வாங்குகிறவர் என்றால் கடைசிவரை அதையே வாங்குங்கள். தூளின் மணம் நாளாக நாளாகக் குறையும் என்பதால் வாரம் ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். பாட்டிலைத் திறந்து இன்னொருவர் உங்கள் மூக்குக்கு நேர் கீழே 30 செ.மீ. தள்ளிப் பிடிக்கட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு செ.மீ. மேலே கொண்டுவரட்டும். வாசனை வந்த இடம் மூக்கிலிருந்து எத்தனை செ.மீ. என்று ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துவது முக்கியம். காற்று அடித்தால் கணக்கு வீண்.

தலைவலித் தைலம், கற்பூரம், நீலகிரித் தைலம் வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அவை தரும் குளிர்ச்சியையும் எரிச்சலையும் உணர்வது வேறொரு நரம்பு. வாசனை போனவருக்கும் அது சுரீரென்று தெரியும். மிளகாய்க் காரமும் அப்படித்தான்.

தினம் 10 சிகரெட் பிடித்தவர் ஒருவர் திங்கட்கிழமை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று 6 செ.மீ.யில் காபி தெரிகிறது. பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பிறகு மாற்றம் தொடங்கும். வியாழக்கிழமை 8 செ.மீ. இருக்கலாம். இரண்டாம் வாரம் திடீரென்று 5-க்கு இறங்கினால் பதறவேண்டாம். புகையால் முடங்கிய மூச்சுக்குழாய் நுண்ணிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால் சளியும் இருமலும் கூடும், மூக்கும் அடைக்கும். காய்ச்சி ஆறவைத்த ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்து மூக்கைக் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நாக்கின் சுவை அணுக்கள் சுமார் 10 நாளில் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். மூக்கின் வாசனை நரம்பணுக்களுக்கு ஓரிரு மாதம் பிடிக்கும். அதனால் நாக்கு முந்திக்கொள்ளும், மூக்கு பின்னால் வரும். பல வருடம் பிடித்தவருக்கு இன்னும் நீளும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

இனி சமையலறை. காபிக்குச் சர்க்கரை மூன்று ஸ்பூன் என்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் டிகாக்ஷனின் கசப்பு முகத்தில் அடிக்கும். அந்தக் கசப்பும் இப்போது கூடுதலாகத்தான் தெரியும். சாம்பாரில் உப்பை முதலில் முக்கால்பங்கு போட்டு, இறக்கும்போது ருசி பார்த்து மீதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசத்துக்குப் பெருங்காயம் பாதி போதும்.

காபியில் இன்னொன்றும் உண்டு. புகையிலுள்ள தார், ஈரலில் காஃபீனை உடைக்கும் நொதியைத் தூண்டி வைத்திருக்கும். விட்ட சில நாளில் அந்த வேகம் தணியும். அதே நான்கு டம்ளர் குடித்தால் காஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் வரும். சிகரெட்டை விட்டதால்தான் இப்படி என்று பலர் தவறாக நினைத்து மறுபடி பற்றவைக்கிறார்கள். இரண்டு டம்ளராகக் குறைத்து, மாலை 4 மணிக்குமேல் நிறுத்திப் பாருங்கள்.

நிகோடின் சூயிங்கம் மெல்பவர்கள் அதன்பின் 15 நிமிடமாவது கழித்துச் சாப்பிடவேண்டும். இல்லாவிட்டால் மிளகுபோன்ற எரிச்சல் எல்லா ருசியையும் மறைக்கும். ஹான்ஸ், பான் மசாலாவுக்கு மாறியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை வாயைத் தொடர்ந்து புண்ணாக்கும்.

மூன்று மாதம் கழிந்தும் அளவு நகரவில்லை அல்லது ஒரு துவாரத்தில் மட்டும் வாசனை தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரம் நீடித்தால் அதற்குமேல் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.