கட்டிங் நேரத்து முழங்கை வலி: பிடியில் நடக்கும் தவறுகள்

திருப்பூரில் ‘கட்டிங்’ என்றால் மூன்று அர்த்தம். பனியன் கம்பெனியில் துணி வெட்டுவது ஒன்று. மதுக்கடை வாசலில் 90 மில்லி என்பது இன்னொன்று. ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு, சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பைக் கரைக்கும் மாதங்கள் மூன்றாவது. இதில் முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகச் செய்தவர் ஒருவர், போன வருடம் என்னிடம் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். வயது 31. எடை 84 கிலோ, 76-க்கு வர ஆசை. “தண்ணிச் செம்பைத் தூக்கினாலே சுருக்குங்குதுங்ணா” என்று வலது முழங்கையின் வெளிப்பக்கத்தைக் காட்டினார்.

அவர் தொட்டுக் காட்டிய இடத்தில் ஓர் எலும்பு மேடு இருக்கும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் தசைநாண்கள் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. கம்பியைப் பிடிப்பது விரல்களை மடக்கும் தசைகளின் வேலைதானே, வெளிப்பக்கம் ஏன் வலிக்கிறது என்று பலருக்கும் சந்தேகம். நாம் இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்து நிறுத்துவது இந்தத் தசைகள்தான். பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சுமை அந்த மேட்டில் விழும். டென்னிஸ் மட்டையையே பார்க்காதவருக்கும் ‘டென்னிஸ் எல்போ’ வருவது இதனால்தான்.

கட்டிங் மாதங்களில் இது தலைகாட்டுவதற்குக் காரணம் எளிது. தசைநாண் தசையைவிட மெதுவாகத் தேறும். சாப்பாடு குறைந்தால் தேறுவது இன்னும் மந்தமாகும். ஆனால் தசை கரையக்கூடாது என்று ஜிம்மில் தூக்கும் எடையை மட்டும் யாரும் குறைப்பதில்லை, அது சரியும்கூட. தவறு அதற்கு மேல் சேர்ப்பதில்தான். கலோரி எரிக்க வேண்டும் என்று கனமான டம்பெல்களைத் தூக்கிக்கொண்டு நடப்பது, தடிக்கயிற்றை அடிப்பது, ரோயிங் மெஷின் என்று எல்லாம் சேர்கிறது. எல்லாமே பிடி.

இவருடைய வாரத்தைத் தாளில் எழுதச் சொன்னேன். டெட்லிஃப்ட் 4 செட், ரோ 8, புல்-அப் 8, பார்பெல் கர்ல் 6, ஷ்ரக் 4, டம்பெல் நடை 4. ஆக 34 செட். நாள் முழுக்கக் கம்பெனியில் கத்திரி பிடிப்பதும், அடுக்கிய துணிக்குள் கட்டிங் மெஷினைத் தள்ளுவதும் கணக்கில் வரவில்லை. பைக்கில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கியபடி வீட்டுக்குப் போவதும் வரவில்லை. ஜிம்மை மட்டும் பார்த்துவிட்டு ‘நான் அப்படி ஒன்றும் அதிகமாகச் செய்யவில்லையே’ என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பேச்சு.

அவர் முதலில் செய்த காரியம், பத்து நாள் முழு ஓய்வு. வலி போனது. திரும்பி வந்து பழைய எடையையே தூக்கினார், மூன்றாம் நாள் அதே வலி. சுமையே இல்லாமல் விட்டால் தசைநாண் அமைதியாகும், ஆனால் பலம் கூடாது. அதற்கு நேர் எதிரான தவறு, வலிநிவாரணி ஜெல்லைப் பூசிக்கொண்டு அப்படியே தூக்குவது. எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியையும் அது வாயடைத்துவிடுகிறது. மூன்றாவது, கையை நீட்டி மணிக்கட்டைக் கீழே மடக்கி வெடுக்கென்று இழுப்பது. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் தசைநாணை அது எலும்பின் மேல் வைத்து அழுத்துகிறது. ஸ்டீராய்டு ஊசிக்கும் அவசரப்பட வேண்டாம். முதல் சில வாரம் அற்புதமாக இருக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களின் நிலை மோசமாக இருந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன.

சரி, பயிற்சியை நிறுத்தாமல் என்ன செய்தோம்? முதுகுக்கும் காலுக்கும் வேலை குறையக்கூடாது, பிடிக்கு மட்டும் குறைய வேண்டும். டம்பெல் நடையையும் கயிறு அடிப்பதையும் எடுத்துவிட்டு, ஏற்றத்தில் வேகநடை. கையில் டம்பெல் பிடித்துச் செய்த லஞ்சஸுக்குப் பதில் லெக் பிரஸ். எல்லா இழுப்புப் பயிற்சிக்கும் முதல் செட்டிலிருந்தே, மணிக்கட்டைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் ஸ்ட்ராப். ‘ஸ்ட்ராப் போட்டால் கை பலம் போய்விடும்’ என்று நம்மூர் ஜிம்களில் ஒரு வீராப்பு இருக்கிறது. நாளெல்லாம் கத்திரி பிடிக்கிற மனிதருக்குக் கை பலம் எங்கே போகும்? பார்பெல்லில் உள்ளங்கை கீழே பார்த்த ரோவுக்குப் பதில், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடி. கர்லும் அப்படித்தான், சுத்தியல் பிடிப்பதுபோல, எடை குறைத்து. தோளுக்குப் பக்கவாட்டில் டம்பெல் தூக்குவதும் இந்த மேட்டைக் குத்தும். கேபிளின் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் எதையும் பிடிக்கவே வேண்டாம். இப்படியெல்லாம் மாற்றிய பிறகு இறுக்கிப் பிடிக்கும் செட்கள் 34-லிருந்து 8-க்கு வந்தன.

வலியுள்ள இடத்துக்கும் தனியாக வேலை கொடுத்தோம். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே. 3 கிலோ டம்பெல்லை நேராக 45 விநாடி அசையாமல் பிடித்தல், ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு முறை. இரண்டு வாரம் கழித்து அசைவு சேர்ந்தது. மூன்று விநாடியில் மேலே, நான்கு விநாடியில் கீழே, 12 முறை, மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். எவ்வளவு வலி வரை போகலாம் என்றால், பத்துக்கு மூன்று வரை பொறுக்கலாம். ஆனால் மறுநாள் காலை அதே செம்பைத் தூக்கும்போது முந்தைய நாளைவிட வலித்தால், நேற்று செய்தது அதிகம். அடுத்த முறை எடையையோ செட்டையோ ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும்.

சாப்பாட்டிலும் கை வைத்தோம். வாரத்துக்கு ஒன்றேகால் கிலோ குறைந்துகொண்டிருந்தார், அது அவர் எடைக்கு அதிகம். அரைக் கிலோ அளவுக்கு இறக்கினோம். புரதம் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம், அவருக்குச் சுமார் 130. முட்டை, கோழி, தயிரோடு, மதியம் கொள்ளுப் பருப்பு. (ரசமாக்கி மேல்தண்ணீரை மட்டும் குடித்தால் கணக்குக்கு உதவாது, பருப்பையும் சாப்பிட வேண்டும்.)

வலி முழங்கையின் உள்பக்கம் என்றால் கதை மாறும். அங்கே உள்ளங்கை நம்மைப் பார்த்த புல்-அப்பும் நேர்க்கம்பி கர்லும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். பெருவிரல் பக்க மணிக்கட்டு வலித்தால், சுத்தியல் பிடியே அதைக் கிளறலாம், அப்போது மேலே சொன்ன மாற்றத்தை அப்படியே எடுக்கக்கூடாது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், ‘டப்’ என்ற சத்தத்தோடு வலி வந்தால், வீங்கிக் கன்றிப்போனால், இந்தப் பயிற்சிகள் எதையும் பார்க்காமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

இவருக்கு நான்காம் வாரம் செம்பு தூக்கும்போது வலி பாதியானது. ஏழாம் வாரம் ஒரு சறுக்கல்: ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்று கம்பெனியில் இரண்டு நாள் நள்ளிரவு வரை வேலை, வலி திரும்பியது. ஜிம்மில் அந்த வாரம் இழுப்புப் பயிற்சியைப் பாதியாக்கினோம், அடுத்த வாரம் பழைய அளவுக்கு வந்தார். பதினோராம் வாரம் பார்பெல் ரோவை மீண்டும் எடுத்தார், ஸ்ட்ராப் கடைசி இரண்டு கனமான செட்டுக்கு மட்டும். எடை அப்போது 78.