பைக்குக்குக் கார் கூலன்ட் ஊற்றலாமா, எவ்வளவு ஊற்ற வேண்டும்?

திருகோணமலையில் என் 200 சிசி பைக்குக்குக் கூலன்ட் மாற்ற வேண்டி வந்தபோது நான் போன கடைகளில் எல்லாம் கார் கூலன்ட்தான் இருந்தது. "எல்லாம் ஒண்டுதான் தம்பி, ஊத்துங்கோ" என்றார் ஒரு கடைக்காரர். எல்லாம் ஒன்றல்ல, ஆனால் கார் கூலன்ட் கூடவே கூடாது என்பதும் சரியில்லை. சிலிக்கேட் இல்லாத, அலுமினிய எஞ்சினுக்கு ஏற்றது என்று எழுதிய கார் கூலன்ட்டைத் தாராளமாகப் பாவிக்கலாம். ஒற்றைச் சிலிண்டர் பைக் என்றால் பெரும்பாலும் ஒரு லீற்றர் போத்தல் ஒன்று போதும். உங்கள் பைக்கின் சரியான அளவு கையேட்டில் இருக்கும், அதையே நம்புங்கள்.

சிலிக்கேட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? அது அலுமினியத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும், அதனால்தான் பழைய வகைப் பச்சைக் கார் கூலன்ட்களில் சேர்த்தார்கள். ஆனால் நாளடைவில் அது கரைசலில் இருந்து பிரிந்து துகளாகும், அந்தத் துகள் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும், ரேடியேட்டரின் குறுகிய வழிகளையும் அடைக்கும். ஹொண்டாவின் பைக் கையேடுகள் இதே காரணத்தைச் சொல்லித்தான் சிலிக்கேட் உள்ள கூலன்ட்டைத் தவிர்க்கச் சொல்கின்றன. பைக்கில் அந்தச் சீல் போனால் செலவு பெரிது, ஏனென்றால் பம்ப் தண்டின் ஒரு பக்கம் கூலன்ட், மறு பக்கம் எஞ்சின் ஒயில். பம்ப் மூடியின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், குனிந்து பாருங்கள். அதைச் சுற்றிப் பச்சையாகவோ ரோஸாகவோ உப்புப் பூத்த மாதிரி காய்ந்த கறை இருந்தால் கூலன்ட் பக்கச் சீல் கசிகிறது என்று அர்த்தம். ஒயில் கண்ணாடியில் பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால் கூலன்ட் ஒயிலில் கலந்துவிட்டது, அதோடு பைக்கை ஓட்டாதீர்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, ரோஸ், நீலம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், அதற்குப் பொது விதி கிடையாது. போத்தலின் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். ஜப்பான் கார்களுக்கான கூலன்ட்கள் பொதுவாகச் சிலிக்கேட் இல்லாதவை. டொயோட்டாவின் ரோஸ் நிற சூப்பர் லோங் லைப் கூலன்ட் அப்படிப்பட்டது, டொயோட்டா ஓடும் ஊர்களில் தேடினால் கிடைக்கும், நான் தெரிவு செய்ததும் அதுதான். ஐரோப்பியக் கார்களுக்கான பல கூலன்ட்களில் சிலிக்கேட் உண்டு, லொறிக்கான சிலவற்றில் நைட்ரைட் உண்டு, இரண்டையும் விட்டுவிடுங்கள். உங்கள் பைக் கம்பனியே குறிப்பிட்ட வகை ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் சொன்னதை விட்டு அதையே வாங்குங்கள்.

போத்தலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலப்பதா? கலந்தே வருவதில் மேலும் தண்ணீர் ஊற்றினால் துருத்தடுப்பு குறையும். கலக்க வேண்டியதை அப்படியே ஊற்றினால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும், ஏனென்றால் சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன், கூலன்ட்டில் உள்ள கிளைக்கோல் அல்ல. பாதிக்குப் பாதி கலந்தால் போதும். நம் ஊரில் பனி உறையாதே, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். போதாது, இங்கே நமக்கு வேண்டியது துருத்தடுப்பும் கொதிநிலை உயர்வும். கலக்கும் தண்ணீர் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்கட்டும், பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், உள்ளே போனால் அலுமினியத்தை அரித்துக்கொண்டே கிடக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பம்ப் மூடியில் உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றி, மேலே மூடியைத் திறந்தால் கடகடவென்று வடியும். அளவு போட்ட ஜாடி ஒன்றில் பிடியுங்கள், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு இல்லை. என் பைக்கில் ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் வந்தது, ரிசர்வ் தாங்கியில் இருந்தது தனி. பழையது கலங்கியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறிய பிறகு மறுபடி வடியுங்கள். வேறு வகைக் கூலன்ட்டுக்கு மாறுகிறவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது, இரண்டு வகை கலந்தால் சில வேளை கூழாகிவிடும். கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளேயே தங்கும், அதனால் பைக்கை இரண்டு பக்கமும் நன்றாகச் சாய்த்து வடியுங்கள். போல்ட்டைத் திருப்பிப் போடும்போது புதுச் செம்பு வாஷர் போடுங்கள், அளவாக முறுக்குங்கள், அலுமினிய மரை சீக்கிரம் போய்விடும்.

வடித்த கூலன்ட்டை நிலத்தில் ஊற்றவே வேண்டாம். எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், நாய் பூனை நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். நம் ஊரில் கோட்டைப் பக்கம் மட்டுமில்லாமல் வீதியிலும் மான்கள் மேய்கின்றன, சிந்தினால் உடனே தண்ணீர் அடித்துத் துடையுங்கள், பழையதை மூடிய போத்தலில் வைத்து கராஜில் கொடுங்கள்.

இனித்தான் பலரும் சிக்குகிற இடம். புதியதைக் கழுத்து வரை ஊற்றினால் 600 மில்லிலீற்றரிலேயே நிறைந்த மாதிரி தெரியும். நிறையவில்லை, உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. மூடியைப் போடாமல் பைக்கை இடமும் வலமும் சாயுங்கள், ரப்பர் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள், நடுவே மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் தொட்டு விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் திடீரென்று இறங்கும், அப்போது ஊற்றி நிரப்பிக் குமிழி நின்றதும் மூடியைப் போடுங்கள், கழுத்தில் பொங்கத் தொடங்கினால் காத்திருக்காமல் உடனே மூடிவிடுங்கள். ஜாடியில் அளந்ததற்குக் கிட்ட உள்ளே போயிருந்தால் சரி. 200 மில்லிலீற்றர் குறைகிறது என்றால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது, அப்படியே ஓட்டினால் ஹபரணை வீதியில் வேகமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, சந்தியில் நின்றதும் சூட்டு விளக்கு எரியும். ரிசர்வ் தாங்கியை இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிரப்பி, அடுத்த நாள் காலை ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை: கிண்ணியாவில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார், தாங்கியில் மட்டம் அப்படியே நிற்கிறது, ஆனால் பைக் சூடாகிறது என்று. மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன், ரேடியேட்டர் பாதி காலி. எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் தாங்கியில் இருந்து கூலன்ட்டை உறிஞ்ச வேண்டும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தாலோ தாங்கிக்குப் போகும் சின்னக் குழாய் வெடித்திருந்தாலோ அது காற்றைத்தான் உறிஞ்சும். அவருக்குக் குழாயின் முனைதான் வெடித்திருந்தது. வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கிளிப் போட்டு மாட்டினார், அப்புறம் தாங்கியில் மட்டம் ஏறி இறங்கத் தொடங்கியது.