கடையில் 2 கோடி சரக்கு, திருட்டுக்கு 50 லட்சம் பாலிசி: ஃபர்ஸ்ட் லாஸ் முறையைச் சரியாக எடுப்பது எப்படி?

எலக்ட்ரிகல், ஹார்டுவேர், பெயின்ட், டைல்ஸ் எல்லாம் சேர்த்து விற்கும் ஒரு பெரிய கடையை எடுத்துக்கொள்வோம். பின்னால் குடோன், மொத்தச் சரக்கு கொள்முதல் விலையில் 2 கோடி ரூபாய். தீப்பிடித்தால் அத்தனையும் போகலாம். ஆனால் திருடர்கள் ஒரே இரவில் 2 கோடி சரக்கையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. முடியாத ஒன்றுக்கு முழுப் பிரீமியம் கட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் பர்க்லரி பாலிசியில் ஃபர்ஸ்ட் லாஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. மொத்தச் சரக்கின் மதிப்பைச் சொல்லிவிட்டு, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் காப்பீடு எடுப்பது. அந்த வரம்பு வரை நஷ்டம் முழுசாகக் கிடைக்கும்.

தீக்காப்பீட்டில் இந்த வேலை கூடாது. அங்கே முழு மதிப்புக்கும்தான் எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள கடைகளுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் திருட்டு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, தனியாக பர்க்லரி வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அதில் உள்ளது தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து 7 நாளுக்குள், அந்தச் சம்பவத்தால் நடக்கும் திருட்டு மட்டும். சாதாரணமாக ராத்திரி ஷட்டரை உடைத்தால் அதில் ஒன்றும் வராது.

படி 1: ஒரே இரவில் எவ்வளவு போகும்?

ஏஜென்ட் "25 சதவீதம் போட்டுக்கலாம் சார்" என்பார். அந்த எண்ணை அப்படியே ஏற்காமல், சரக்கை அலமாரி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். டைல்ஸ், சிமென்ட், பி.வி.சி. பைப், பெயின்ட் டிரம் எல்லாம் கனமும் இடமும் அதிகம், கிலோவுக்கு விலை குறைவு. திருடன் தேடுவது செப்பு ஒயர் காயில், மோட்டார், குழாய் ஃபிட்டிங்ஸ், பவர் டூல்ஸ்.

ஒரு குட்டியானை வண்டியில் முக்கால் டன் ஏற்றலாம். ஒயர் காயில் கிலோவுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால், முழு வண்டியும் ஒயராகவே ஏற்றினாலும் 11 லட்சத்தைச் சற்றே தாண்டும். ஒன்றரை டன் பிக்கப் வந்தால் 22.5 லட்சம். கடை ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் இருந்து, வாட்ச்மேனும் இல்லையென்றால் இரண்டு பிக்கப் என்று கணக்குப் போடுங்கள்: 45 லட்சம். ஆகவே 2 கோடியில் 25 சதவீதம், அதாவது 50 லட்சம், இந்தக் கடைக்குப் பொருந்துகிறது. இதே 2 கோடி செல்போனாக இருந்தால் இரண்டு சாக்கு மூட்டையே பெரிய நஷ்டம். அங்கே 25 சதவீதம் போதாது, ஃபர்ஸ்ட் லாஸ் முறையே பொருந்தாது என்றுகூடச் சொல்வேன்.

படி 2: மொத்த மதிப்பு. எல்லோரும் தடுக்கி விழும் இடம்

ஃபர்ஸ்ட் லாஸ் பாலிசியில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று காப்பீட்டு வரம்பு, 50 லட்சம். இன்னொன்று கடையில் இருக்கும் மொத்தச் சரக்கின் மதிப்பு, 2 கோடி. நஷ்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது எண்தான். "எப்படியும் 50 லட்சத்துக்கு மேல் தரப்போவதில்லை, மொத்தத்தைக் குறைத்துச் சொன்னால் என்ன?" என்று நினைக்கும்போதுதான் பணம் போகிறது.

திருட்டு நடந்த அன்று கடையில் உண்மையில் இருந்த சரக்கு, நீங்கள் சொன்ன மொத்தத்தைவிட அதிகமாக இருந்தால், நஷ்டத்தை அதே விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள். இதை ஆவரேஜ் என்பார்கள். 12 லட்ச ரூபாய் சரக்கு போனதாக வைத்து மூன்று நிலைகளையும் பாருங்கள்.

- சொன்ன மொத்தம் 2 கோடி, அன்று இருந்தது 1.85 கோடி: 12 லட்சமும் வரும்.
- சொன்னது 2 கோடி, அன்று இருந்தது 2.5 கோடி: 12 × 200 ÷ 250 = 9.6 லட்சம்.
- பாலிசியில் ஃபர்ஸ்ட் லாஸ் என்ற சொல்லே இல்லாமல் 50 லட்சம் மட்டும் அச்சாகியிருக்கிறது, அன்று இருந்தது 2 கோடி: 12 × 50 ÷ 200 = 3 லட்சம்.

(எக்ஸஸ் எனப்படும், நாம் ஏற்க வேண்டிய தொகை தனியாகக் கழியும்.)

எனவே மொத்த மதிப்பைச் சொல்லும்போது இன்றைய ஸ்டாக்கைச் சொல்லாதீர்கள். வருடத்தில் சரக்கு உச்சத்தில் இருக்கும் மாதத்தின் எண்ணைச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முன்போ, கம்பெனி ஸ்கீம் முடியும் மார்ச்சிலோ குடோன் நிரம்பும். மதிப்பு கொள்முதல் விலையில்தான், விற்பனை விலையில் அல்ல. குடோன் வேறு முகவரியில் இருந்தால் அதற்குத் தனி வரியாக, தனி எண்களாகக் கேளுங்கள்.

உச்சத்தைச் சொன்னால் பிரீமியம் எகிறிவிடும் என்ற பயம் தேவையில்லை. வழக்கமாக ஃபர்ஸ்ட் லாஸ் தொகைக்கு முழு ரேட்டும், மீதி மதிப்புக்கு அதில் சிறு பங்கும்தான் போடுவார்கள். ரேட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்கு புரிவதற்காக மட்டும் ஆயிரத்துக்கு 1 ரூபாய் என்றும், மீதிக்கு அதில் பத்தில் ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். 50 லட்சத்துக்கு 5,000, மீதி 1.5 கோடிக்கு 1,500, ஆக 6,500 ரூபாய். முழு மதிப்புக்கு எடுத்தால் 20,000. இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. மொத்தத்தை 2 கோடியிலிருந்து 2.5 கோடியாக்கி, வரம்பை 50 லட்சத்திலேயே வைத்தால் கூடுவது வெறும் 500 ரூபாய். இந்த 500 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 3: வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப் பாருங்கள்

கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்பவர்கள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார்கள். கூடுதல் லிமிட்டுக்காக அதில் சரக்கை ஏற்றிக் காட்டும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. திருட்டுக்குப் பிறகு நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்று. வங்கியிடம் 2.6 கோடி என்றும் பாலிசியில் 2 கோடி என்றும் இருந்தால், எது பொய் என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் உண்மை எண்ணை எழுதுவதே ஒரே வழி.

அடமானச் சரக்கு என்பதால் வங்கி முழு மதிப்புக்கும் பர்க்லரி கேட்கலாம். ஃபர்ஸ்ட் லாஸ் போதும் என்று கிளையிலிருந்து எழுத்தில் வாங்கிய பிறகு பாலிசி எடுங்கள். வங்கியே எடுத்துத் தரும் பாலிசியாக இருந்தால் படி 4 இன்னும் முக்கியம்.

படி 4: பாலிசி கைக்கு வந்ததும் ஷெட்யூலைப் படியுங்கள்

முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். உங்கள் விவரங்கள் அச்சான ஷெட்யூல் பக்கத்தில் "First Loss" என்ற சொல், "25%" என்ற அளவு, மொத்த மதிப்பு 2,00,00,000, வரம்பு 50,00,000, கடையின் சரியான முகவரி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ப்ரொப்போசல் ஃபாரத்தில் நீங்கள் சரியாக எழுதியும் ஷெட்யூலில் வெறும் 50 லட்சம் மட்டும் வந்தால், மேலே பார்த்த 3 லட்சக் கதைதான். அன்றைக்கே மின்னஞ்சலில் திருத்தம் கேட்டு, எண்டார்ஸ்மென்ட் எனப்படும் திருத்தத் தாளை வாங்கிவிடுங்கள். ஏஜென்ட்டிடம் போனில் சொன்னது எங்கேயும் பதிவாகாது.

அடுத்து, எது பர்க்லரி என்பதைப் பாருங்கள். பலவந்தமாக உடைத்து நுழைந்த, அல்லது உடைத்து வெளியேறிய திருட்டைத்தான் சாதாரண பாலிசி ஏற்கும். கள்ளச்சாவி போட்டு ஓசையில்லாமல் திறந்தால் சிக்கல்தான். ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாலிசியில் பலவந்தம் என்று இருந்தால், பலவந்தம் நடந்திருக்க வேண்டும். உடைக்காத திருட்டுக்கும் வேண்டுமென்றால் தெஃப்ட் எக்ஸ்டென்ஷனைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதை வாங்கினாலும் பகலில் வாடிக்கையாளர் பையில் போட்டுக்கொண்டு போவதும், ஸ்டாக் எடுக்கும்போது தெரியவரும் குறைவும் வராது. வேலையாட்கள் கைவரிசைக்கு ஃபிடிலிட்டி பாலிசிதான். கடையைத் தொடர்ந்து 7 நாள் பூட்டி வைத்தால் காப்பு நிற்கும் என்ற விதி பல பாலிசிகளில் இருக்கும், குடும்பத்தோடு வெளியூர் போகுமுன் பாருங்கள்.

படி 5: திருட்டு நடந்துவிட்டால்

உடைந்த பூட்டு, வளைந்த ஷட்டர், கழற்றிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எதையும் சரிசெய்வதற்கு முன் போட்டோ எடுங்கள். பலவந்தத்துக்கு அதுதான் சாட்சி. எஃப்.ஐ.ஆரில் பூட்டு உடைத்து நுழைந்தது என்ற வரி இருக்கட்டும். இரவில் உடைத்துப் புகுந்த திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 331(4), 305 பிரிவுகள் வரும். சாதாரணத் திருட்டுக்கான 303 மட்டும் போட்டிருந்தால் கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல் கொடுங்கள்.

என்ன போனது என்பதை ஞாபகத்திலிருந்து எழுதிய பட்டியலை சர்வேயர் ஏற்க மாட்டார். கணக்கிலிருந்து வர வேண்டும். ஏப்ரல் 1 அன்று ஆரம்பச் சரக்கு 1.80 கோடி, அதன் பிறகு கொள்முதல் 3.20 கோடி, விற்பனை 3.60 கோடி. மொத்த லாபம் விற்பனையில் 12.5 சதவீதம் என்றால் விற்ற சரக்கின் அடக்கம் 3.15 கோடி. ஆக கடையில் இருந்திருக்க வேண்டியது 1.85 கோடி. எண்ணிப் பார்த்தால் 1.73 கோடி. வித்தியாசம் 12 லட்சம். ஆவரேஜ் பார்ப்பதும் இதே 1.85 கோடியை வைத்துத்தான். டேலியில் ஐட்டம் வாரியாக ஸ்டாக் ஓட்டுபவர்களுக்கு இது எளிது. நோட்டுப் புத்தகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், மொத்தத் தொகை வந்தாலும் எந்தச் சரக்கு போனது என்பதை நிரூபிக்க முடியாது.

பின்சேர்க்கை: ஜி.எஸ்.டி. என்னாகும்?

பலரும் கேட்டது இது. திருடுபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும். 12 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 2,16,000 ரூபாய் கையை விட்டுப் போகும். கொள்முதலில் வரி வரவு எடுத்தீர்கள் என்று சர்வேயர் வரியைக் கழித்துத்தான் நஷ்டத்தைப் போடுவார். அந்தத் தொகையையும் கேட்க வேண்டுமென்றால், பாலிசி எடுக்கும்போதே மதிப்பை வரியோடு சேர்த்துச் சொல்லி, 2 கோடிக்கு 2.36 கோடி என்று போட்டு, வரி சேர்ந்த மதிப்பு என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். கிளெய்ம் நேரத்தில் வரவைத் திருப்பிய ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்னைக் காட்டுங்கள்.

பணம் வந்த பிறகு

12 லட்சம் கிடைத்ததும் பாலிசி வரம்பு 50-லிருந்து 38 லட்சமாகக் குறைந்துவிடும். வருடத்தில் இன்னும் ஐந்தாறு மாதம் மீதி இருந்தால், மீதி நாட்களுக்கான பிரீமியத்தைக் கட்டி வரம்பைப் பழையபடி 50 லட்சமாக்குங்கள். இதற்கு ரீஇன்ஸ்டேட்மென்ட் என்று பெயர், சில பாலிசிகளில் கேட்டால்தான் செய்வார்கள். உடைந்த அதே ஷட்டர் வழியாக இரண்டாவது முறை வருவது அபூர்வமல்ல, ஆகவே கிளெய்ம் செக் வரும் வாரத்திலேயே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.